அப்பாவின் பட்டறையும் மகனின் ஸ்டார்ட்அப்பும்: பார்ட்னர்ஷிப், எல்.எல்.பி., பிரைவேட் லிமிடெட் எதில் வரிச்சலுகை நிற்கும்?

அவிநாசியில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் மகன் ஒரு கருவி செய்திருக்கிறார். நிட்டிங் மெஷினில் துணி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமரா அதைப் பார்க்கும். ஓட்டை விழுந்தாலோ, ஊசி உடைந்து கோடு விழுந்தாலோ மெஷினை உடனே நிறுத்திவிடும். திருப்பூரில் சில நிட்டிங் யூனிட்டுகளில் மாட்டிப் பார்த்தாயிற்று, வேலை செய்கிறது. இனி இதைத் தொழிலாக நடத்த வேண்டும். எந்தப் பெயரில் பதிவு செய்வது என்று கேட்டு அப்பாவும் மகனும் ஆடிட்டரான என்னிடம் வந்தார்கள்.

"எதுக்குங்க கம்பெனி கிம்பெனின்னு? எம்பேரு, பையன் பேரு ரெண்டையும் போட்டு ஒரு பார்ட்னர்ஷிப் எழுதீட்டாப் போதாதுங்களா? ஸ்டார்ட்அப் சர்ட்டிபிகேட் அதுக்கும் குடுக்கறாங்களாமே" என்றார் அப்பா.

அவர் சொன்னது சரிதான், கொடுக்கிறார்கள். ஆனால் மகன் மனதில் இருந்தது சர்ட்டிபிகேட் இல்லை, மூன்று வருட வரிவிலக்கு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகள் பலர் முதல் அடியைத் தப்பாக வைக்கிறார்கள்.

முதலாவது அங்கீகாரம், அதாவது அப்பா சொன்ன சர்ட்டிபிகேட். ஒன்றிய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை இதைத் தருகிறது. இதற்கான அடிப்படை அறிவிக்கை 2016இல் வந்தபோது நிறுவனத்தின் வயது வரம்பு 5 ஆண்டு, விற்றுமுதல் வரம்பு 25 கோடி ரூபாய். 2019 பிப்ரவரி 19 அறிவிக்கை அதை 10 ஆண்டு, 100 கோடி என்று உயர்த்தியது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய அறிவிக்கையில் விற்றுமுதல் வரம்பு 200 கோடி. ஆழ்ந்த ஆராய்ச்சி தேவைப்படும் டீப் டெக் நிறுவனங்களுக்குத் தனி வகை வைத்து 20 ஆண்டு, 300 கோடி என்று கொடுத்தார்கள். கூட்டுறவுச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பதிவு பெற்ற பார்ட்னர்ஷிப், பங்குதாரர்களின் பொறுப்பு வரம்போடு நிற்கும் கூட்டு நிறுவனமான எல்.எல்.பி., பிரைவேட் லிமிடெட் மூன்றும் முதலிலிருந்தே உண்டு. தனி ஆள் நடத்தும் புரொப்ரைட்டர் கடைக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இரண்டாவது வரிவிலக்கு, அதாவது மூன்று வருட லாபத்தை வரிக் கணக்கிலிருந்து முழுதாகக் கழித்துக்கொள்ளும் கழிவு. இது வருமான வரிச் சட்டத்தின் 80-ஐ.ஏ.சி. பிரிவில் இருக்கிறது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனாலும் எல்லோர் வாயிலும் புழங்குவது பழைய எண்தான் என்பதால் அதையே சொல்கிறேன். இந்தப் பிரிவில் தகுதியுள்ள ஸ்டார்ட்அப் என்றால் கம்பெனி அல்லது எல்.எல்.பி. மட்டும்தான். பார்ட்னர்ஷிப் அதில் இல்லை. அங்கீகாரம் கிடைத்த பிறகு, பல துறை அதிகாரிகள் அடங்கிய வாரியத்திடம் தனியாக விண்ணப்பித்து இன்னொரு சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. நிறுவனம் 2016 ஏப்ரல் 1க்கும் 2030 மார்ச் 31க்கும் இடையில் பதிவானதாக இருக்க வேண்டும்.

விற்றுமுதலை அளக்கும் முறையிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அங்கீகாரத்துக்கு, தொடங்கிய நாள் முதல் எந்த ஒரு வருடத்திலும் வரம்பைத் தாண்டியிருக்கக் கூடாது. ஒருமுறை தாண்டினால், அடுத்த வருடம் விற்பனை குறைந்தாலும் ஸ்டார்ட்அப் தகுதி திரும்பி வராது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80-ஐ.ஏ.சி. எந்த வருடத்துக்குக் கழிவு கேட்கிறோமோ அந்த வருடத்தின் விற்றுமுதலைத்தான் பார்க்கிறது. அங்கே வரம்பு 100 கோடி. அறிவிக்கையில் 200 கோடி என்று பார்த்துவிட்டு, வரிவிலக்குக்கும் அதே எண்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவி விற்கும் இந்தத் தம்பிக்கு இரண்டுமே தொலைவில் இருக்கின்றன. நூல் வாங்கி விற்பதையும் அதே கம்பெனியில் சேர்த்துவிடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும், அந்த விற்றுமுதல் மளமளவென்று ஏறிவிடும்.

இனி அப்பா சொன்ன வழியைப் பார்ப்போம். பார்ட்னர்ஷிப் எழுதுவது சுலபம், செலவும் குறைவு. பதிவாளரிடம் பதிவு செய்துவிட்டால் அங்கீகாரமும் கிடைக்கும். அரசு டெண்டரில் முன் அனுபவத் தளர்வு, காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் குறைப்பு போன்றவை அங்கீகாரத்தோடு வருகிறவை. கருவிக்கு ஒரு காப்புரிமை, அரசு நிறுவனங்களுக்குக் கொஞ்சம் விற்பனை, இது போதும் என்பவருக்கு பார்ட்னர்ஷிப் தப்பில்லை. ஆனால் லாபத்துக்கு நேராக 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். ஒரு கோடி லாபத்தில் 31 லட்சத்து 20 ஆயிரம் போய்விடும். விலக்குக்கு வழியே கிடையாது. முதலில் பார்ட்னர்ஷிப், லாபம் வரும்போது கம்பெனியாக மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்போது 'பழைய தொழிலைப் பிரித்தோ, மாற்றியமைத்தோ உருவானதாக இருக்கக் கூடாது' என்ற நிபந்தனை குறுக்கே வந்து நிற்கும். அப்படி உருவாகவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும். அந்த வழக்கை விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் இந்தக் குடும்பத்துக்கு இல்லை.

இந்த நிபந்தனைதான் நம் ஊரில் மற்ற எதையும்விட அதிகமாக இடிக்கும் இடம். இங்கே வெறுங்கையோடு தொழில் தொடங்குகிறவர்கள் குறைவு. அப்பாவின் ஷெட், மாமாவின் மெஷின், பழைய வாடிக்கையாளர் என்று ஏதோ ஒன்றின் மேல் நின்றுதான் தொடங்குகிறோம். அப்பாவின் பட்டறையையே கம்பெனி ஆக்கி, அதற்குள் இந்தக் கருவியையும் சேர்த்தால் அங்கீகாரமும் போச்சு, விலக்கும் போச்சு. பட்டறை பட்டறையாகவே அப்பா பெயரில் நடக்கட்டும். கருவிக்குத் தனி நிறுவனம், தனி வங்கிக் கணக்கு, தனி ஜி.எஸ்.டி. எண், தனி பில் புத்தகம் வேண்டும்.

மெஷின்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏற்கெனவே பயன்படுத்திய இயந்திரங்களைப் புது நிறுவனத்துக்கு மாற்றினால், அவற்றின் மதிப்பு மொத்த இயந்திர மதிப்பில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தம்பியின் திட்டத்தில் புதிதாக வாங்குவது 18 லட்சம். அப்பாவின் பழைய லேத்தும் மில்லிங் மெஷினும் 6 லட்சம். மொத்தம் 24 லட்சத்தில் 6 லட்சம் என்றால் 25 சதவீதம், அதாவது வரம்பைத் தாண்டிவிட்டது. புதியது 18 லட்சத்தில் நின்றால் பழையது நாலரை லட்சத்துக்கு மேல் வரக் கூடாது. நான் சொன்ன வழி, மெஷினை மாற்றவே வேண்டாம் என்பதுதான். கருவியின் பாடி, பிராக்கெட் எல்லாம் அப்பாவின் பட்டறையிலேயே ஜாப் ஒர்க்காகச் செய்துகொண்டு, பில் போட்டு, வங்கி மூலம் பணம் கொடுத்துவிடலாம்.

அதற்குக் கூலி என்ன போடுவது என்பதில் ஆசை வேலை செய்யும். பக்கத்துப் பட்டறையில் 400 ரூபாய் ஆகிற வேலைக்கு அப்பா 150 ரூபாய்க்கு பில் போட்டால் மகன் கம்பெனியின் லாபம் கூடும், அந்த லாபத்துக்குத்தான் விலக்கு இருக்கிறதே என்று தோன்றும். சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. நெருங்கிய தொடர்புள்ளவர்களுக்கு இடையிலான வியாபாரத்தால் லாபம் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிந்தால், நியாயமான லாபம் எவ்வளவோ அதற்கு மட்டும் கழிவைச் சுருக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. அதனால் வெளிப் பட்டறை ஒன்றிலிருந்து கொட்டேஷன் வாங்கி, அதே கூலியை அப்பாவுக்கும் கொடுத்து, அந்தக் காகிதத்தை வருடாவருடம் பைலில் வைத்துவிட வேண்டும்.

ஆக மிச்சம் எல்.எல்.பி.யும் பிரைவேட் லிமிடெட்டும். இரண்டுக்கும் விலக்கு உண்டு. எல்.எல்.பி.யில் நடைமுறைச் செலவு குறைவு. விற்றுமுதல் 40 லட்சத்தையும் பங்குதாரர் முதலீடு 25 லட்சத்தையும் தாண்டாதவரை எல்.எல்.பி. சட்டப்படி தணிக்கை கட்டாயமில்லை. கம்பெனிக்கு முதல் வருடத்திலிருந்தே கட்டாயம். லாபத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதிலும் எல்.எல்.பி.க்கு ஒரு வசதி இருக்கிறது. நிறுவனம் வரி கட்டிய பிறகு பங்குதாரர் எடுக்கும் லாபப் பங்குக்கு மறுபடி வரி இல்லை. கம்பெனியில் டிவிடெண்டாக எடுத்தால் எடுக்கிறவர் தன் கணக்கில் மீண்டும் வரி கட்ட வேண்டும்.

ஆனால் 'நூறு சதவீத விலக்கு' என்ற சொல்லை நம்பி முடிவெடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விலக்கு வாங்கினாலும் வரி பூஜ்யம் ஆவதில்லை. கழிவு கேட்கிற நிறுவனங்களிடமிருந்தும் குறைந்தபட்ச வரி ஒன்றைச் சட்டம் வசூலிக்கிறது. கம்பெனிக்கு அதை மேட் என்பார்கள், எல்.எல்.பி.க்கு ஏ.எம்.டி. என்பார்கள். 2025-26 நிதியாண்டில் ஒரு கோடி லாபம், புத்தகக் கணக்கிலும் அதே ஒரு கோடி என்று வைத்துக் கணக்குப் பார்க்கலாம். விலக்கோடு இருக்கும் கம்பெனி கட்டுவது 15 சதவீத மேட், செஸ் சேர்த்து 15 லட்சத்து 60 ஆயிரம். விலக்கோடு இருக்கும் எல்.எல்.பி. கட்டுவது 18.5 சதவீதம், செஸ் சேர்த்து 19 லட்சத்து 24 ஆயிரம். விலக்கு இல்லாத சிறு கம்பெனி 25 சதவீதத்தில் 26 லட்சம் கட்டும். விலக்கு இல்லாத எல்.எல்.பி. பார்ட்னர்ஷிப்பைப் போலவே 31 லட்சத்து 20 ஆயிரம்.

இவற்றோடு இன்னொரு வழியும் உண்டு, 115-பி.ஏ.ஏ. என்ற பிரிவு தரும், கம்பெனிகளுக்கு மட்டுமான 22 சதவீத விகிதம். சர்சார்ஜ், செஸ் சேர்த்தால் ஒரு கோடிக்கு 25 லட்சத்து 16 ஆயிரத்து 800. இதில் மேட் கிடையாது. ஆனால் இதைத் தேர்ந்தெடுத்தால் 80-ஐ.ஏ.சி. கழிவு கிடையாது, ஒருமுறை தேர்ந்தெடுத்தால் திரும்பி வரவும் முடியாது.

பல இளைஞர்களின் விலக்கு இந்த இடத்தில்தான், அவர்களுக்கே தெரியாமல் கைவிட்டுப் போகிறது. முதல் வருட ரிட்டர்ன் போடும்போது 25ஐவிட 22 குறைவுதானே என்று யாரோ ஒருவர் அந்த முறையைத் தேர்ந்தெடுக்கும் Form 10-IC படிவத்தைத் தாக்கல் செய்துவிடுவார். அந்த வருடம் நஷ்டமாகக்கூட இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மூன்று வருடம் கழித்து வாரியத்தின் சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் வாசல் எப்போதோ பூட்டியது தெரியும். ஏற்கெனவே கம்பெனி நடத்துகிறவர்கள் வருமான வரி இணையதளத்தில் தங்கள் கணக்கில் நுழைந்து, தாக்கல் செய்த படிவங்களின் பட்டியலில் 10-IC இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். வரிசையை மாற்றிச் செய்வதில் ஒரு தடையும் இல்லை. முதலில் விலக்கு, மூன்று வருடம் முடிந்ததும் 22 சதவீதத்துக்குத் தாவலாம். அதுவரை 25 சதவீதத்தில் காத்திருப்பதால் ஆகும் கூடுதல் செலவு, ஒரு கோடி லாபத்துக்கு 83 ஆயிரத்து 200 ரூபாய்தான்.

மேட் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கட்டிய மேட் வரவாக நின்று பின்னால் வரும் வரியில் கழியும். 2026 பிப்ரவரி பட்ஜெட் அதை மாற்றி முன்வைத்தது. 2026 ஏப்ரல் முதல் மேட் 14 சதவீதம், அதுவே இறுதி வரி, புதிதாக வரவு சேராது. பழைய வரவையும் 22 சதவீத முறைக்குப் போன பிறகே, அந்த வருட வரியில் நாலில் ஒரு பங்கு வரை கழித்துக்கொள்ளலாம். இதன்படி பார்த்தால் ஒரு கோடிக்கு மேட் 14 லட்சத்து 56 ஆயிரம். 22 சதவீத முறையோடு ஒப்பிட்டால் விலக்கின் உண்மையான மிச்சம் வருடத்துக்கு சுமார் பத்தரை லட்சம். இதை நான் சிறிதாகச் சொல்லவில்லை, இரண்டு நல்ல பொறியாளர்களின் வருடச் சம்பளம் அது. ஆனால் 25 லட்சமும் மிச்சம் என்று எண்ணித் திட்டம் போட்டவர் பாதி வழியில் பணமில்லாமல் நிற்பார்.

இந்தத் தம்பிக்கு நான் சொன்னது பிரைவேட் லிமிடெட். லாபத்தை அவர் வீட்டுக்கு எடுக்கப் போவதில்லை, அடுத்த கருவிக்குப் போடப் போகிறார். விலக்கு நடக்கும்போது 14, முடிந்தபின் 22 என்ற வசதி எல்.எல்.பி.க்கு இல்லை. நாளை யாராவது முதலீடு செய்ய வந்தாலும் பங்குதான் கேட்பார்கள். லாபம் வருடாவருடம் குடும்பத்துக்குள் பிரிந்துவிடும், வெளி முதலீடு வேண்டவே வேண்டாம் என்றிருந்தால் எல்.எல்.பி. என்று சொல்லியிருப்பேன்.

அடுத்த கேள்வி, எந்தத் தேதியில் பதிவது. அவர்கள் வந்தது மார்ச் மாதம். மகனுக்கு அந்த வாரமே பதிந்துவிட ஆசை. அங்கீகாரத்தின் 10 ஆண்டு பதிவான தேதியிலிருந்து ஓடும், அதில் நஷ்டமில்லை. ஆனால் வரிவிலக்கில் 10 ஆண்டு என்பது பதிவான ஆண்டிலிருந்து எண்ணப்படுகிறது. 2026 மார்ச் 20 அன்று பதிந்தால் 2025-26 முதல் ஆண்டு, அந்தப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முழு ஆண்டு கழிந்து, 2034-35இல் கெடு முடியும். ஏப்ரல் முதல் வாரம் பதிந்தால் 2035-36 வரை இருக்கிறது. கையில் அவசர ஆர்டர் இல்லாதவரை ஏப்ரலுக்குத் தள்ளுவதே நல்லது.

இந்தப் பத்தில் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளை நாமே தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது? தம்பி கொண்டுவந்த மதிப்பீடு இது: முதல் ஆண்டு 30 லட்சம் நஷ்டம், இரண்டாம் ஆண்டு 15 லட்சம் நஷ்டம், மூன்றாம் ஆண்டு 40 லட்சம் லாபம், நான்காம் ஆண்டு 75 லட்சம், ஐந்தாம் ஆறாம் ஆண்டுகளில் தலா ஒரு கோடி. லாபம் வந்தவுடன் மூன்றாம் ஆண்டிலேயே விலக்கைத் தொடங்கலாம் என்பது அவர் எண்ணம்.

ஆனால் பழைய நஷ்டம் 45 லட்சம் முதலில் கழியும். மூன்றாம் ஆண்டின் 40 லட்சம் முழுவதும் அதிலேயே போய்விடும், விலக்குக் கேட்க மிச்சம் இருக்காது. இருந்தாலும் மூன்றில் ஓர் ஆண்டு செலவாகிவிடும். நான்காம் ஆண்டில் மீதி 5 லட்சம் நஷ்டம் போக 70 லட்சம், ஐந்தாம் ஆண்டில் ஒரு கோடி, ஆக விலக்குப் பெறும் லாபம் 1 கோடியே 70 லட்சம். நான்காம் ஆண்டில் தொடங்கினால் 70 லட்சம், ஒரு கோடி, ஒரு கோடி என்று 2 கோடியே 70 லட்சம். ஒரே ஒரு வருடப் பொறுமைக்கு ஒரு கோடி வித்தியாசம். மூன்றாம் ஆண்டில் புத்தக லாபத்தின் மேல் கொஞ்சம் மேட் வரலாம், அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

அப்படியானால் இன்னும் தள்ளித் தள்ளி எட்டாம் ஆண்டில் தொடங்கலாமே என்றார் தம்பி. கணக்கு அதைச் சொல்லலாம், எனக்கு உடன்பாடில்லை. மேட் வரவு ஒரே பட்ஜெட்டில் எப்படி மாறியது என்று மேலே பார்த்தோம். பழைய நஷ்டம் கழிந்து முடிந்த முதல் நல்ல ஆண்டில் தொடங்குவதே என் ஆலோசனை.

அதற்குள் வாரியத்தின் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு கணக்குகளும் வருமான வரி ரிட்டர்ன்களும் கேட்பார்கள் என்பதால் முதல் நாளிலிருந்தே அவை ஒழுங்காக இருக்க வேண்டும். கருவியில் என்ன புதிது என்பதையும் விளக்கிக் காட்ட வேண்டும். 'செயற்கை நுண்ணறிவு அடிப்படையிலான தீர்வு' என்று எழுதினால் எடுபடாது. எந்த வேகத்தில் ஓடும் துணியில் எவ்வளவு சிறிய ஓட்டையைப் பிடிக்கிறது, முன்பு ஒரு ரோலுக்கு எவ்வளவு துணி வீணானது, இப்போது எவ்வளவு என்று நிட்டிங் யூனிட்டில் எடுத்த அளவுகளை எழுத வேண்டும். அதனால் மெஷின் மாட்டிய ஒவ்வோர் இடத்திலும் தேதி போட்டு அளவு குறித்து, யூனிட் உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன்.

கடைசியாக, விலக்குக் கேட்கும் ஆண்டில் தேதி தவறக் கூடாது. 2025-26 கணக்கு வரையிலான நடைமுறையில் தணிக்கை அறிக்கையான Form 10CCB செப்டம்பர் 30க்குள், ரிட்டர்ன் அக்டோபர் 31க்குள் போக வேண்டும். ரிட்டர்ன் நவம்பர் 1 அன்று போனாலும் அந்த ஆண்டின் கழிவு முழுதும் போய்விடும், ஆண்டு மட்டும் மூன்றில் ஒன்றாகக் கழியும். புதிய சட்டத்தில் படிவ எண்கள் மாறுவதால் அந்தந்த ஆண்டுக்குரிய படிவத்தை ஆகஸ்ட் மாதமே ஆடிட்டரிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.